படியில் ஊன்றும் பாதம்: ஐகேயையும் அனிமேஷனையும் சேர்த்த கதை

இரண்டு வருடமாக ஓய்வு நேரத்தில் ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறேன். அதில் ஒரு பெண் ஆற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு படித்துறையில் ஏறி வருவாள். பழைய கல்படிகள். ஒரு படியின் உயரம் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர்; தேய்ந்து போனவை 15தான் இருக்கும், ஒன்றிரண்டு 20 வரும். அவளுடைய நடையோ சமதரைக்காகச் செய்யப்பட்ட சாதாரண நடை அனிமேஷன். அதை அப்படியே ஓட்டினால் ஒரு பாதம் காற்றில் நிற்கும், இன்னொன்று கல்லுக்குள் புதையும். இந்த ஒரு காட்சியைச் சரிசெய்ய எனக்குப் பல வாரங்கள் ஆயின. அதில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பயன்படுத்துவது யூனிட்டி என்ற கேம் எஞ்சின். ஆனால் விஷயம் எந்த எஞ்சினிலும் இதேதான்.

இன்வர்ஸ் கைனமேட்டிக்ஸ், சுருக்கமாக ஐகே, என்ன செய்கிறது என்பது எளிது. சாதாரணமாக அனிமேஷன் இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று மேலிருந்து கீழே ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்லும். பாதம் எங்கே போய் நிற்கிறது என்பது அதன் விளைவு. ஐகேயில் தலைகீழ். பாதம் இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நாம் சொல்கிறோம், தொடையும் முழங்காலும் எவ்வளவு மடங்க வேண்டும் என்று அது கணக்குப் போட்டுத் தருகிறது. காலில் இரண்டே எலும்புகள் என்பதால் இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். தொடையின் நீளம் தெரியும், கணைக்காலின் நீளம் தெரியும், இடுப்பு மூட்டிலிருந்து பாதத்துக்கு உள்ள தூரம் தெரியும். மூன்று பக்கம் தெரிந்த முக்கோணம். பள்ளியில் படித்த கோசைன் விதி போதும். முழங்கால் எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்பதை மட்டும் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

சரி, பாதத்தின் இடத்தை யார் சொல்வது? இங்கேதான் நான் முதலில் தவறினேன். பாதத்துக்கு மேலிருந்து கீழ்நோக்கி ஒரு ரே, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு நேர்க்கோடு விடு, தரையில் எங்கே படுகிறதோ அங்கே பாதத்தை வை என்று எழுதினேன். நின்றுகொண்டிருக்கும்போது அற்புதமாக இருந்தது. இரண்டு பாதமும் வெவ்வேறு படிகளில் அழகாகப் படிந்தன. நடக்க வைத்தேன். அனிமேட்டர் தோழி ஒருவர் வந்திருந்தார். திரையைப் பத்து விநாடி பார்த்துவிட்டு, "அவ கால எடுத்து வைக்கவே இல்லையே, தேய்ச்சுக்கிட்டுப் போறா" என்றார்.

அவர் சொன்னது சரி. நடையில் ஒரு பாதம் ஊன்றியிருக்கும்போது மற்றது காற்றில் இருக்கிறது. நானோ காற்றில் இருக்க வேண்டிய பாதத்தையும் பிடித்துத் தரையில் ஒட்டிவிட்டேன். ஐகேயின் வெயிட்டை, அதாவது அது அனிமேஷனை எவ்வளவு மாற்றலாம் என்ற அளவை, 1இலிருந்து 0.5க்குக் குறைத்துப் பார்த்தேன். பலரும் முதலில் இதைத்தான் செய்வார்கள். தூக்கும் பாதம் பாதி உயரம் எழுந்தது. ஊன்றிய பாதம் கல்லுக்குள் பாதி புதைந்தது. இரண்டு தவறுகளையும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்ததுதான் மிச்சம்.

அனிமேஷனிடம் ஒரு தகவல் இருக்கிறது, அதை நான் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன். இந்த நொடியில் இந்தப் பாதம் சமதரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பதுதான் அது. ஊன்றும்போது அது கிட்டத்தட்ட மாறாமல் இருக்கும், வீசும்போது பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கூடும். அந்த உயரத்தைத் தொடவே கூடாது. அந்தப் பாதத்துக்குக் கீழே உள்ள உண்மையான தரையை மட்டும் கண்டுபிடித்து, அதன் மேல் இந்த உயரத்தைக் கூட்ட வேண்டும். இடது காலுக்கு இவ்வளவுதான்:

```csharp
void OnAnimatorIK(int layer)
{
    var foot = AvatarIKGoal.LeftFoot;
    Vector3 p = animator.GetIKPosition(foot);
    float lift = p.y - transform.position.y;
    p.y = leftGround + lift;
    animator.SetIKPosition(foot, p);
    animator.SetIKPositionWeight(foot, 1f);
}
```

வெயிட் எப்போதும் 1தான். பாதத்தைத் தூக்குவதும் இறக்குவதும் அனிமேஷன். அந்தத் தூக்கலை எந்தத் தரையிலிருந்து அளப்பது என்பது மட்டும் ஐகேயின் வேலை. கணுக்கால் எலும்பு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்று தனியாக அளந்து கூட்ட வேண்டிய தொல்லையும் சமதரையில் போய்விடுகிறது, அது ஏற்கெனவே `lift`க்குள் இருக்கிறது. (யூனிட்டியில் அந்த அனிமேட்டர் லேயரில் `IK Pass` டிக் செய்யப்படாவிட்டால் இந்த ஃபங்ஷன் கூப்பிடப்படவே படாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது.)

இதில் `leftGround` எங்கிருந்து வருகிறது என்பதில் இன்னொரு பள்ளம் காத்திருந்தது. நான் அதில்தான் அதிக நாள் கிடந்தேன்.

ரே படும் உயரம் படியின் விளிம்பில் ஒரே ஃபிரேமில் 18 சென்டிமீட்டர் தாவும். அதை மெதுவாக்கியே ஆக வேண்டும். நான் பார்த்த உதாரணங்கள் எல்லாமே தரைக்கும் கேரக்டரின் ரூட்டுக்கும், அதாவது முழு உருவமும் சார்ந்து நகரும் அடிப்புள்ளிக்கும், உள்ள வித்தியாசத்தை, அதாவது ஆஃப்செட்டை, மெதுவாக்கின. நானும் அப்படியே செய்தேன். ஏறும்போது ஒவ்வொரு படியிலும் ஊன்றியிருந்த பாதம் சட்டென்று மேலே எழும்பி, பிறகு மெல்ல இறங்கி உட்கார்ந்தது. ஸ்பிரிங் வைத்த செருப்புப் போட்டதுபோல.

வேகத்தைப் பத்தில் ஒரு பங்காக்கி, கேமராவைப் பக்கவாட்டில் தரைமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கேரக்டரைச் சுற்றி இருந்து அதை நகர்த்தும், கண்ணுக்குத் தெரியாத மாத்திரை வடிவமான கேப்ஸ்யூல் படியில் முட்டியதும் ஒரே ஃபிரேமில் 18 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடுகிறது. ரூட்டும் அதோடு ஏறுகிறது. பின்காலின் ஆஃப்செட் அந்த ஃபிரேமிலேயே 0இலிருந்து மைனஸ் 18 ஆக வேண்டும். ஆனால் அதை நான்தான் மெதுவாக்கி வைத்திருக்கிறேனே. அது இன்னும் 0க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே அசையாமல் நிற்க வேண்டிய பாதம் ரூட்டோடு சேர்ந்து மேலே போய், மெதுவாகக் கீழே வருகிறது. தரை மாறவே இல்லை, மாறியது கேப்ஸ்யூல். நான் மெதுவாக்கியதோ இரண்டும் கலந்த ஓர் எண்ணை.

ஆகவே ஆஃப்செட்டை விட்டுவிட்டு, பாதத்துக்குக் கீழே உள்ள தரையின் உயரத்தை உலக ஆயத்தில் வைத்து, அதை மட்டும் மெதுவாக்கினேன்:

```csharp
float k = 1f - Mathf.Exp(-15f * Time.deltaTime);
leftGround = Mathf.Lerp(leftGround, hit.point.y, k);
```

மேலே உள்ள இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். பாதத்தின் இறுதி உயரம், தரையின் உயரமும் அனிமேஷன் தூக்கிய உயரமும் சேர்ந்தது. ரூட்டின் உயரம் அதில் எங்குமே இல்லை, கழிந்துபோகிறது. கேப்ஸ்யூல் எப்படித் துள்ளினாலும் ஊன்றிய பாதத்துக்கு அது தெரியாது. `Exp` போட்டதற்குக் காரணம், ஃபிரேம் வேகம் 30 ஆனாலும் 120 ஆனாலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்பது. 15 என்ற எண்ணுக்கு, மீதியிருக்கும் தூரம் பாதியாக 0.046 விநாடி ஆகிறது. பாதம் காற்றில் இருக்கும் நேரத்துக்குள் அது புதிய படியை எட்டிவிடும்.

பாதம் சரியானதும் இடுப்பு கெட்டுப்போனது. கேப்ஸ்யூல் மேல்படியில் நிற்க, பின்பாதம் கீழ்ப்படியில் இருந்தால் கால் எட்டாது. ஐகே காலை நீட்டி முடிந்தவரை இழுக்கும், பாதம் அந்தரத்தில் தொங்கும். எல்லாரும் சொல்லும் தீர்வு, இரண்டு பாதங்களில் எது தாழ்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு இடுப்பை இறக்கு என்பது. நிற்கும்போது இதைவிட நல்ல விதி கிடையாது. உயர்ந்த படியில் உள்ள கால் மடங்கும், தாழ்ந்த படியில் உள்ள கால் அனிமேஷனில் இருந்தபடியே நிற்கும். மனிதரும் அப்படித்தான் நிற்கிறார். இடுப்புக்கும் அதே கணக்கு: இரண்டு தரைகளில் தாழ்ந்ததை உலக உயரமாக எடுத்து, மெதுவாக்கி, அதன் மேல் அனிமேஷன் சொல்லும் இடுப்பு உயரத்தைக் கூட்ட வேண்டும்.

நடக்கும்போது இந்த விதி கொஞ்சம் பொய். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் முழங்கால்.

கால் ஏறக்குறைய முழுதாக நீண்டிருக்கும் நிலையில் முழங்கால் வெட்டி வெட்டி இழுப்பதை ஐகே செய்த எவரும் பார்த்திருப்பார். இது மென்பொருளின் கோளாறு அல்ல, முக்கோணத்தின் இயல்பு. தொடை 45, கணைக்கால் 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கால் முழுதாக நீண்டால் 90. இடுப்பு மூட்டிலிருந்து கணுக்காலுக்கு உள்ள தூரம் 80 என்றால் முழங்கால் கோணம் 125.5 பாகை. 79 என்றால் 122.7. ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று பாகைகூட மாறவில்லை. இப்போது 90 எடுத்துக்கொள்ளுங்கள்: 180 பாகை, நேர்க்கோடு. 89 என்றால் 162.9. அதே ஒரு சென்டிமீட்டர், 17 பாகை. தரை உயரத்தில் வரும் சின்னச் சின்ன அசைவு முழங்காலில் பூதாகரமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். நடையில் பாதம் தரையை விட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன்பும், குதிகால் தரையைத் தொடும்போதும் கால் நீண்டிருப்பதால், சிக்கல் சரியாகக் கண்ணில் படும் இடத்திலேயே வருகிறது.

2002இல் கோவார், ஷ்ரைனர், கிளைக்கர் மூவரும் மோஷன் கேப்சரில் பாதம் வழுக்குவதைச் சரிசெய்வது பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். முழங்கால் வெட்டி இழுக்காமல் இருக்க, எலும்பின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்க அனுமதிக்கலாம் என்பது அவர்கள் வழி. கண் எலும்பு சற்று நீள்வதைக் கவனிப்பதில்லை, முழங்கால் துள்ளுவதை உடனே பிடித்துவிடுகிறது. நான் எடுத்தது வேறு வழி. தூரம் எல்லையை நெருங்கும்போது அதை நெகிழ்வாக அமுக்கிவிடுவது:

```csharp
float soft = 0.04f, start = legLength - soft;
if (d > start)
    d = start + soft * (1f - Mathf.Exp(-(d - start) / soft));
```

90 சென்டிமீட்டர் காலில் 86 வரை எதுவும் மாறாது. அதற்கு மேல் கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். 90 கேட்டால் 88.5 கிடைக்கும். முழங்கால் ஒருபோதும் நேராகப் பூட்டிக்கொள்ளாது. விலை, பாதம் ஒன்றரை சென்டிமீட்டர் எட்டாமல் போவது. அதை ஈடுகட்ட இடுப்பை அதே அளவு இறக்கிவிட்டேன். யூனிட்டியின் உள்ளமைந்த ஐகேயில் இந்தத் தூரத்துக்குள் கை வைக்க முடியாது. ஆனால் பாத இலக்கை அனுப்புவதற்கு முன்பே இடுப்பு மூட்டை நோக்கி அதை அமுக்கி அனுப்பலாம், பலன் ஒன்றுதான்.

அடுத்தது பாதத்தின் சாய்வு. சரிவில் பாதம் தரையோடு சாய வேண்டும், ஆனால் காற்றில் இருக்கும் பாதம் சாயக் கூடாது. ஆகவே பாதம் ஊன்றியிருக்கிறதா என்று சொல்லும் ஓர் எண் தேவை: ஊன்றியிருந்தால் 1, காற்றில் 0, இடையில் வழவழப்பாக மாறும். `lift`டிலிருந்தே இதைக் கணக்கிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். மெதுநடையில் சரியாக வந்தது. ஓட்டத்தில் குதிகால் பின்னால் உயர, பாதம் இன்னும் விரல்களில் ஊன்றியிருக்கும்போதே எண் 0 ஆகிவிட்டது. கடைசியில் ஒவ்வொரு அனிமேஷன் கிளிப்பிலும் கையால் ஒரு கர்வ் வரைந்தேன், இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. ஒரு மாலை நேர வேலை. கர்வ் வரைவதில் உள்ள வசதி, நடையும் ஓட்டமும் ஒன்றோடொன்று கலந்து பிளெண்ட் ஆகும்போது கர்வுகளும் அதே விகிதத்தில் பிளெண்ட் ஆகிவிடும். ஒரே நிபந்தனை, எல்லாக் கிளிப்புகளும் ஒரே காலில் தொடங்க வேண்டும். நடை இடது குதிகால் ஊன்றும் நொடியிலும், ஓட்டம் வலது குதிகாலிலும் தொடங்கினால், பாதி வேகத்தில் இரண்டு காலுக்குமே எண் 0.5 என்று வந்து நிற்கும். இது வந்தால் ஐகேயைக் குறை சொல்வதற்கு முன்பு கிளிப்பின் தொடக்கத்தைப் பாருங்கள்.

சாய்வை எப்போதும் அனிமேஷனின் திருப்பத்தின் மேல்தான் ஏற்ற வேண்டும், அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது. தரையின் செங்குத்தை நோக்கி எவ்வளவு திரும்ப வேண்டுமோ, அந்தத் திருப்பத்தை ஊன்றலின் எண்ணால் பெருக்கி, அனிமேஷன் வைத்திருந்த திருப்பத்தோடு சேர்க்க வேண்டும். அப்போதுதான் குதிகால் முதலில் பட்டு, பாதம் உருண்டு, விரல்களால் தள்ளும் அந்த அசைவு சரிவிலும் உயிரோடு இருக்கும். சரிவில் இன்னொரு நுணுக்கம். பாதம் கணுக்காலைச் சுற்றித் திரும்புவதால், உள்ளங்கால் மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கும். கணுக்கால் 9 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, சரிவு 25 பாகை என்றால், கணுக்காலை 9 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். சின்ன எண்தான், ஆனால் வெறுங்காலில் நடக்கும் கேரக்டருக்கு விரல்கள் புதைவது தெரியும். என் கேரக்டர் வெறுங்காலில்தான் நடக்கிறாள். அப்புறம், மனிதக் கணுக்கால் மேல்நோக்கி மடங்குவது சுமார் 20 பாகைதான். ஏற்றம் அதைத் தாண்டினால் தரையோடு பாதத்தைப் பொருத்த முயலாமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நாமும் குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில்தான் ஏறுகிறோம்.

இனி ரே. ஒரே ஒரு ரே கணுக்காலிலிருந்து விட்டால், பாதம் விளிம்பில் பாதி தொங்கும்போது ரே கீழ்ப்படியில் பட்டுவிடும், முன்பாதம் கல்லுக்குள் போகும். நான் குதிகாலுக்கு ஒன்று, விரல்களுக்கு ஒன்று என்று இரண்டு விடுகிறேன். இரண்டும் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் அது சரிவு அல்ல, விளிம்பு. அப்போது உயர்ந்ததை எடுத்துக்கொண்டு, சாய்வைச் சுழியமாக்கிவிடுகிறேன். கேப்ஸ்யூலுக்கும் பாதத்துக்கும் வேறு வேறு தரை கொடுத்ததும் பெரிய நிம்மதி. படிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்தளம் போட்டு, கேப்ஸ்யூல் அதில் ஏறும்படியும், பாதத்தின் ரே அதைப் பார்க்காமல் உண்மையான கல்லையே பார்க்கும்படியும் லேயர் பிரித்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏறும்போது வீசும் காலின் விரல்கள் படியின் மூக்கைத் துளைத்துக்கொண்டு போயின. காரணம், ரே பார்ப்பது இப்போது பாதத்துக்குக் கீழே உள்ளதை. விளிம்பைத் தாண்டிய பிறகே மேல்படி தெரிகிறது, அதற்குள் விரல் கல்லில். ரூனே ஸ்கோவ்போ யோஹான்சன் 2009இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் செய்த முதுகலை ஆய்வேடு இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டியது. பாதம் அடுத்து எங்கே ஊன்றப் போகிறது என்பதை அவர் முன்கூட்டியே கணக்கிடுகிறார். கேரக்டரின் வேகம் தெரியும், அனிமேஷனில் அடுத்த ஊன்றலுக்கு இன்னும் எத்தனை விநாடி இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் கொண்டு இடத்தைச் சொல்லிவிடலாம். நான் அதன் எளிய வடிவம் ஒன்றைச் செய்தேன். பாதம் கிளம்பியதுமே ஊன்றப்போகும் இடத்தில் ஒரு ரே, நடுவழியில் ஒரு ரே. பாதத்தின் தரை உயரமாக இவற்றில் உயர்ந்ததை எடுத்தேன். ஏறும்போது பாதம் முதலில் உயர்ந்து, பிறகு முன்னால் போகிறது. இறங்கும்போது விளிம்பைத் தாண்டும்வரை உயரத்திலேயே இருந்துவிட்டுப் பிறகு இறங்குகிறது.

இப்போது அந்த இடுப்பு விதி. தாழ்ந்த பாதத்தைப் பின்பற்று என்பது ஏறும்போது ஏன் பொய் என்றால், பின்கால் தரையை விட்டுக் கிளம்பியதும் அது சுமக்கும் கால் அல்ல. உடல் முன்காலின் மேல் எழும்பத் தொடங்கிவிடுகிறது. விதியோ பின்பாதத்தின் தரை கீழே இருக்கும்வரை இடுப்பைப் பிடித்து வைத்திருந்தது, பிறகு திடீரென்று விட்டது. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்ததுபோல் இருந்தது. சரி, ஊன்றிய பாதத்தை மட்டும் எண்ணுவோம் என்று மாற்றினேன். ஏற்றம் அழகாகிவிட்டது. இறக்கம் கெட்டது. முன்கால் கீழ்ப்படியை நோக்கி நீளும்போது இடுப்பு அசையாமல் மேலேயே நின்று, பாதம் படியைத் தொட்ட பிறகு தொப்பென்று விழுந்தது.

வீட்டு மாடிப்படியில் நானே பலமுறை ஏறி இறங்கிப் பார்த்தேன். இறங்கும்போது மேல்படியில் ஊன்றிய காலின் முழங்கால் முதலில் மடங்குகிறது. அது உடலை இறக்கிக் கொடுக்க, முன்பாதம் கீழ்ப்படியை எட்டுகிறது. அதாவது காற்றில் இருக்கும் பாதம் எண்ணப்பட வேண்டுமா இல்லையா என்பது அது இடுப்புக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. முன்னால் வீசும் பாதம் தாழ்ந்த தரையை நோக்கிப் போனால் இடுப்பு அதற்காக இறங்க வேண்டும். பின்னால் விட்டுவந்த பாதத்தின் தரை எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் பொருட்டில்லை. பாதத்துக்கும் இடுப்புக்கும் உள்ள தூரத்தை நடக்கும் திசையில் அளந்து, அதை ஊன்றலின் எண்ணோடு சேர்த்ததும், ஒரே விதி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொருந்திவிட்டது.

இதற்கு எல்லை உண்டு. சமதரை நடையில் ஓர் எட்டு 60, 70 சென்டிமீட்டர் வரும். என் படியின் அகலமோ 28. இரண்டு படிக்கு ஒரு எட்டு என்றாலும் 56தான் ஆகிறது. ஆகவே சில எட்டுகள் விளிம்பில் போய் ஊன்றுகின்றன. உயரத்தை மட்டும் திருத்தும் ஐகே இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பாதத்தை முன்னும் பின்னும் ஐந்தாறு சென்டிமீட்டர் நகர்த்திப் பார்த்தேன், அதற்கு மேல் போனால் நடையின் தாளமே கெட்டது. உடல் முன்னால் சாய்வதும், தோள் எழும்புவதும், குடத்தைப் பிடித்த கையின் இறுக்கமும் எந்த முக்கோணத்திலும் வராது. தோழியிடம் போய் நின்றேன். சமதரை நடையோடு பிளெண்ட் செய்ய, படியேறுவதற்கும் இறங்குவதற்கும் ஒவ்வொரு கிளிப் செய்து கொடுத்தார், இரண்டும் இடது குதிகாலில் தொடங்குபவை. அவை 18 சென்டிமீட்டர் படிக்காகச் செய்யப்பட்டவை. தேய்ந்துபோன அந்த 15ஐயும், எழும்பி நிற்கும் 20ஐயும் இப்போது ஐகே பார்த்துக்கொள்கிறது. அது திருத்த வேண்டியது இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான்.